7.1 நாலாகும் கதை

திருக்கோவிலில் கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். கோயில் பக்கத்துக் கடல் இரைச்சல் வீட்டு விறாந்தை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் மகள் ஃபோனைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“மாமா, எனக்கு ரெண்டு தசம் எட்டு நாலுதானாம். அவங்க மூன்று கேட்கிறாங்க. இனி அப்ளை பண்ணி என்ன செய்யிற?”

அவள் இந்திய அரசின் புலமைப்பரிசிலில் தமிழ்நாட்டுக்குப் போய், சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளிவிபரவியல் பி.எஸ்ஸி. முடித்து, அங்கேயே எம்.எஸ்ஸி.யும் முடித்து வந்தவள். பி.எஸ்ஸி.யில் பத்துக்கு 7.1. அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைத்து, நகரத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் கல்குலேட்டரை எடுத்து 7.1ஐ 0.4ஆல் பெருக்கி, வந்த 2.84ஐ ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலான அமெரிக்கப் பட்டமேற்படிப்புத் துறைகள் குறைந்தது 3.0 கேட்கும். அந்தத் துண்டோடுதான் அவள் வந்திருந்தாள்.

அவளோடு சாய்ந்தமருதைச் சேர்ந்த சிநேகிதி ஒருத்தியும் வந்திருந்தாள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை வளாகத்தில், பிரயோக விஞ்ஞான பீடத்தில் நாலு வருஷம் படித்த பிள்ளை. சின்னக் குரலில் கேட்டாள்: “சேர், எனக்கு ட்ரான்ஸ்கிரிப்ட்டிலேயே மூன்று தசம் அஞ்சு இரிக்கி. ஆனா புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தா அறுபத்தெட்டுத்தான் வருது. அறுபத்தெட்ட நாலுக்கு மாத்தினா ரெண்டு தசம் ஏழு. நான் எதப் போடுறது?”

ஒரே விறாந்தையில் இரண்டு பிள்ளைகள். சென்னையில் படித்தவளின் சராசரி 71, அவளுக்கு 2.84 என்று சொல்லியாகிவிட்டது. சம்மாந்துறையில் படித்தவளின் சராசரி 68, அவளுடைய பல்கலைக்கழகமே 3.5 என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. குறைந்த புள்ளி எடுத்தவளுக்குக் கூடின ஜி.பி.ஏ. இதில் சம்மாந்துறைக் கணக்கு சரி, 0.4 கணக்குத்தான் பிழை. ஏன் பிழை என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியோடு வருஷா வருஷம் யாராவது வருகிறார்கள், ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பெருக்கல். 0.4ஆல் பெருக்குவதும், சதவீதத்தை 25ஆல் வகுப்பதும் ஒரே வேலைதான். இரண்டுமே, பூச்சியம் எடுத்தால் பூச்சியம், நூறு எடுத்தால் நாலு, இடையில் எல்லாம் நேர்கோடு என்று எடுத்துக்கொள்கின்றன. அந்த நேர்கோடு உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அமெரிக்காவிலேயே இல்லை. அங்கே வழக்கமாக 90க்கு மேல் எடுத்தால் ஏ, அதற்கு 4.0. 80களில் பி, 3.0. 70களில் சி, 2.0. 60களில் டி, 1.0. அதற்குக் கீழே பூச்சியம். அங்குள்ள ஒரு மாணவர் 75 எடுத்தால் அவருடைய தரப்புள்ளி 2.0. 75ஐ 25ஆல் வகுத்தால் 3.0 வருகிறது. சொந்த நாட்டு மாணவருக்கே சரியான விடை தராத சூத்திரம் திருக்கோவில் பிள்ளைக்கு எப்படித் தரும்?

அமெரிக்கரின் 75ம் எங்களுடைய 75ம் ஒரே பொருள் இல்லை என்பதுதான் இதன் அடி. அங்கே வினாத்தாள், ஒழுங்காகப் படித்தவர் 90 எடுக்கக்கூடிய மாதிரித்தான் அமைகிறது. எங்கள் பக்கம் பிரித்தானிய வழக்கம். வினாத்தாளில் கடைசிப் பகுதி கெட்டிக்காரருக்கென்றே கடினமாக வைக்கப்படும், திருத்துகிறவர் 70க்கு மேல் போடக் கை கூசுவார். இலங்கையில் பல பல்கலைக்கழகங்களின் தர அட்டவணையில் 70 முதல் 84 வரை ஏ, 85க்கு மேல் ஏ பிளஸ், இரண்டுக்கும் 4.0. 65 முதல் 69 வரை ஏ மைனஸ், 3.7. 60 முதல் 64 வரை பி பிளஸ், 3.3. 55 முதல் பி, 3.0. அப்படியே ஐந்து ஐந்தாக இறங்கி 40இல் சி, 2.0. வேறு எல்லை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, ஆகவே தன் பீடத்தின் கைநூலைத்தான் பார்க்க வேண்டும். எப்படியோ, இந்த வேலை எங்கள் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சம்மாந்துறைப் பிள்ளை எடுத்த 68 ஒவ்வொன்றும் அவள் ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஏறும்போதே 3.7 ஆகிவிட்டது.

“அப்ப நான் ஒண்டும் செய்யத் தேவல்லியா, சேர்?”

“தேவையில்லை மகள். மூன்று தசம் அஞ்சு, அளவு நாலு. அவ்வளவுதான் போடணும். திரும்ப மாற்றினால்தான் பிழை.”

சென்னையில் படித்தவளுக்கு இவ்வளவு லேசில்லை.

இந்தியாவில் பத்து என்பது ஒரே பத்து அல்ல. அவளுடைய ட்ரான்ஸ்கிரிப்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். அதுவரைக்கும் அவள் அந்தப் பக்கத்தைக் கவனித்துப் படித்ததில்லை. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் படிப்புகளில் வழங்கும் அட்டவணை அதில் இருந்தது. 72 எடுத்தால் தரப்புள்ளி 7.2, 58 எடுத்தால் 5.8. புள்ளியைப் பத்தால் வகுத்ததுதான் தரப்புள்ளி. 40 எடுத்தால் சித்தி. இந்த அளவில் 7.1 என்றால் உண்மையிலேயே 71 வீதம்.

இதையே அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஒருவரோடு ஒப்பிட்டால் நிலைமை மாறுகிறது. அங்கே 2017 ஒழுங்குவிதியில் 71 முதல் 80 வரை எடுத்த எல்லாருக்கும் தரப்புள்ளி 8. படிக்கட்டு மாதிரி. 72 எடுத்தவரும் 8, 79 எடுத்தவரும் 8. அப்படிப் படி ஏற்றிய தரப்புள்ளிகளின் சராசரி, உண்மைப் புள்ளிகளை விடக் கொஞ்சம் மேலே நிற்கும். சித்தியடையும் தரப்புள்ளியும் வேறு. 2017 விதியில் 6, 2021 விதியில் 5. ஆகவே மெட்ராஸின் 7.1ம் அண்ணாவின் 7.1ம் ஒரே திறமையைச் சொல்லவில்லை. இரண்டையும் 0.4ஆல் பெருக்கினால் இரண்டும் 2.84 என்று வந்துவிடும். இந்த வேறுபாட்டைச் சூத்திரம் பார்ப்பதே இல்லை.

படிக்கட்டு ஏற்றத்தைத் திரும்ப இறக்குவதற்குத்தான் சில பல்கலைக்கழகங்கள் சொந்தச் சூத்திரம் வைத்திருக்கின்றன. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சில ஒழுங்குவிதிகளில் அது இப்படி:

```
% = (CGPA - 0.75) x 10
```

தரப்புள்ளி 8 என்றால் 72.5 வீதம். ஏறிய படியில் பாதிக்கும் கொஞ்சம் கூடக் கழித்துவிடுகிறார்கள். அது அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு நியாயமான கணக்கு. மெட்ராஸ் பிள்ளை அதைப் பாவித்தால் 7.1, 63.5 ஆகிவிடும். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை.

இணையத்தில் இதைவிடப் பரவலாகச் சுற்றுவது 9.5ஆல் பெருக்கும் கணக்கு. அது பல்கலைக்கழகத்துக்கு உரியதே அல்ல. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.ஈ., பத்தாம் வகுப்பில் பத்துப் புள்ளி அளவைப் பாவித்த காலத்தில் சொன்னது. 91 முதல் 100 வரை எடுத்த மாணவர்களின் சில வருஷச் சராசரியைப் பார்த்தார்கள். அது ஏறக்குறைய 95. அதைப் பத்தால் வகுத்தால் 9.5. பள்ளிக்கூடப் பரீட்சைக்குச் சொன்ன அந்த எண்ணை எடுத்து ஒரு பி.எஸ்ஸி.யின் மேல் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் ஆலோசனை நிலையங்களில் 9.5ஆல் பெருக்கி, அதைத் திரும்ப 25ஆல் வகுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு துண்டுக் கடதாசியில் தசமதானம் இரண்டோடு நிற்கும்போது பார்க்கிறவருக்கு மிகவும் துல்லியமாகத் தெரிகிறது. அதுதான் எனக்குக் கவலை.

சரி, உண்மையில் எப்படி மாற்றுகிறார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. 1974இல் தொடங்கிய டபிள்யூ.ஈ.எஸ். என்கிற வேர்ல்ட் எடியுகேஷன் சர்விசஸ் அவற்றில் எல்லாருக்கும் தெரிந்தது. ஈ.சி.ஈ. இன்னொன்று. இவர்கள் மொத்தச் சராசரியை எடுத்து ஒரு எண்ணால் பெருக்குவதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக எடுத்து, அந்த நாட்டில் அந்தப் புள்ளிக்கு என்ன மதிப்பு என்று பார்த்து, அமெரிக்க எழுத்துத் தரம் ஒன்றைக் கொடுத்து, பிறகு கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுக்கிறார்கள். இந்தியாவுக்கு அவர்கள் பிடித்துக்கொள்ளும் தூண் முதல் வகுப்பு. 60க்கு மேல் முதல் வகுப்பு, 50களில் இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே சித்தி மட்டும். முதல் வகுப்புக்கு ஏ, இரண்டாம் வகுப்புக்கு பி, அதற்குக் கீழே சி என்பதுதான் பரவலான பொருத்தம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்குள்ளே நுணுக்கமான சொந்த அட்டவணை உண்டு.

அவளுடைய மூன்றாம் செமஸ்டரை எடுத்துக் கடதாசியில் போட்டோம். ஐந்து பாடங்கள், 19 கிரெடிட். நிகழ்தகவில் 81, கிரெடிட் 4. பகுப்பாய்வில் 58, கிரெடிட் 4. புள்ளிவிபரவியல் முறைகளில் 76, கிரெடிட் 5. ஆங்கிலத்தில் 64, கிரெடிட் 3. கணினிப் பாடத்தில் 72, கிரெடிட் 3.

```
81x4 + 58x4 + 76x5 + 64x3 + 72x3 = 1344
1344 / 19 = 70.74
7.07 x 0.4 = 2.83
```

இது ஆலோசனை நிலையத்தின் வழி. இப்போது பாடம் பாடமாக. 81, 76, 64, 72 நாலும் முதல் வகுப்பு, ஆகவே ஏ. 58 இரண்டாம் வகுப்பு, ஆகவே பி.

```
(4.0x4 + 3.0x4 + 4.0x5 + 4.0x3 + 4.0x3) / 19
= 72 / 19 = 3.79
```

அவள் பேசாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதிதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள், நல்ல கேள்வி. “சேர், இதே புள்ளிய எங்கட கெம்பஸில எடுத்திருந்தா?” போட்டுப் பார்த்தோம். சம்மாந்துறை அட்டவணையில் 64 மட்டும் பி பிளஸ்ஸாக இறங்குகிறது, 58 அங்கேயும் பி தான்.

```
(4.0x4 + 3.0x4 + 4.0x5 + 3.3x3 + 4.0x3) / 19
= 69.9 / 19 = 3.68
```

3.79, 3.68. மதிப்பிடுகிறவரின் பரவலான வழக்கமும் எங்கள் பல்கலைக்கழகத்தின் அட்டவணையும் ஒன்றுக்கொன்று தெரியாமலே கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 0.4ஆல் பெருக்கிய 2.83 மட்டும் தனியாகத் தூரத்தில் நிற்கிறது. மாற்றுக் கணக்கு ஒன்று சரியா என்று பார்க்க நான் பாவிக்கும் சோதனை இதுதான். தன் நாட்டில் முதல் வகுப்பு என்று பெயர் வாங்கிய ஒருவரை அது சராசரிக்குக் கீழே தள்ளினால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மொத்தச் சராசரி 70.74, அது முதல் வகுப்பு, ஆகவே எனக்கு 4.0 என்று போடலாமே என்று சிலர் நினைப்பார்கள். போட முடியாது. சராசரி எடுத்துவிட்டு மாற்றினால் 58 எடுத்த பகுப்பாய்வு மறைந்துவிடுகிறது. பாடம் பாடமாக மாற்றினால் அது தன் நாலு கிரெடிட்டோடு கீழே இழுக்கிறது. இழுக்கத்தான் வேண்டும். கலாநிதிப் படிப்புக்கு ஆள் எடுக்கிற பேராசிரியர் முதலில் தேடிப் பார்ப்பதும் அந்தப் பகுப்பாய்வுப் பாடத்தைத்தான்.

இந்த இடத்தில் அவளுடைய ட்ரான்ஸ்கிரிப்ட்டில் இருந்த ஒரு விஷயத்தைக் கண்டு நான் உண்மையிலேயே பதறிப்போனேன். மெட்ராஸ் அட்டவணையில் எழுத்துகள் இப்படிப் போகின்றன. 90க்கு மேல் ஓ. 80களில் டி பிளஸ். 75 முதல் 79 வரை டி. 70 முதல் 74 வரை ஏ பிளஸ். 60களில் ஏ. 50களில் பி. 40களில் சி. டி என்றால் அங்கே டிஸ்டிங்ஷன். எங்களுக்கு அது விசேட சித்தி. அமெரிக்காவில் டி என்றால் கிட்டத்தட்டத் தோல்வி.

அவளுடைய மிகச் சிறந்த இரண்டு பாடங்களும், நிகழ்தகவும் புள்ளிவிபரவியல் முறைகளும், டி பிளஸ், டி என்று அச்சாகியிருந்தன. சுமாராக எடுத்த ஆங்கிலம் ஏ. பின்பக்கத்தைப் பார்க்காமல் முன்பக்க எழுத்துகளை மட்டும் அமெரிக்க வழக்கத்தில் படிக்கிற ஒருவர் டி பிளஸ்ஸுக்கு 1.3, டி-க்கு 1.0 என்று போட்டால் அந்தச் செமஸ்டரின் ஜி.பி.ஏ. 2.43. புள்ளிவிபரவியலில் கலாநிதிப் படிப்புக்குக் கேட்கிற பிள்ளை, புள்ளிவிபரவியலிலேயே கடைசி என்று ஆகிவிடும். மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு இது தெரியும், அவர்கள் ஏமாற மாட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தோடு நாங்களே பதிவேற்றும் பிரதியை முதலில் பார்ப்பவர் துறை அலுவலகத்தில் இருக்கும் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு மெட்ராஸின் எழுத்துகள் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இல்லை.

அவள் முன்பக்கங்களை மட்டும் ஸ்கான் செய்து வைத்திருந்தாள். பின்பக்கம் வெறும் விதிகள்தானே என்று விட்டிருக்கிறாள். எத்தனையோ பிள்ளைகள் செய்கிற காரியம் இது. அடுத்த நாள் காலையில் அக்கரைப்பற்றுக்குப் போய், ஒவ்வொரு தாளின் இரு பக்கமும் நிறத்தில் ஸ்கான் எடுத்து ஒரே கோப்பாகச் சேர்த்தோம். பின்பக்கத்து அட்டவணை மங்கலாக இருந்ததால், தர அட்டவணையைத் தனிக் கடிதமாகத் தரச் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினாள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஆகக் கூடிய தரப்புள்ளி எது, சித்திக்குக் குறைந்தது எது, முதல் வகுப்பு எங்கே தொடங்குகிறது. வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த மூன்றும் இருந்தால் படிக்கிறவர் தானே கணித்துக்கொள்வார்.

பிறகு விண்ணப்பப் படிவத்துக்கு வந்தோம். திரையில் `GPA` என்று ஒரு பெட்டி, பக்கத்தில் `GPA Scale` என்று இன்னொரு பெட்டி. அந்த இரண்டாவது பெட்டி இருக்கிறது என்றால், மாற்றாமல் போடு என்றுதான் அர்த்தம். 7.1, அளவு 10. பல துறைகள் தங்கள் வழிகாட்டலில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன, ட்ரான்ஸ்கிரிப்ட்டில் உள்ளபடியே கொடுங்கள், நீங்கள் மாற்றாதீர்கள் என்று. ஏனென்றால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த சூத்திரத்தால் மாற்றினால் ஒரு விண்ணப்பத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அவள் 2.84ஐ நாலின் அளவில் போட்டிருந்தால், யாரும் கேட்காத ஒரு எண்ணைத் தன் கையாலேயே எழுதி, தன்னைத்தானே வெளியே தள்ளியிருப்பாள்.

நாலின் அளவில் மட்டுமே எண் எடுக்கும் படிவங்களும் உண்டு. 4.0க்கு மேல் அடித்தால் சிவப்பு எழுத்தில் தடுக்கும். அங்கே முதலில் அந்தத் துறையின் வழிகாட்டலைத் தேட வேண்டும், சில இடங்களில் பெட்டியை வெறுமையாக விடச் சொல்லியிருப்பார்கள். வழிகாட்டல் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல். டபிள்யூ.ஈ.எஸ். தன் தளத்தில் `iGPA` என்றொரு இலவசக் கணிப்பான் வைத்திருக்கிறது, பாடம், கிரெடிட், தரம் கொடுத்தால் ஒரு மதிப்பீடு சொல்லும். அதைப் போட வேண்டி வந்தால், கூடுதல் விபரம் எழுதும் பெட்டியில், இது என் மதிப்பீடு, மூல முடிவு பத்துக்கு 7.1 என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். 3.79 நல்லாயிருக்கிறது என்று அதை மட்டும் எழுதிவிட்டு மூலத்தை மறைத்தால், அனுமதி கிடைத்த பிறகு உத்தியோகபூர்வ மதிப்பீடு 3.5 என்று வரும்போது கேள்வி கணக்கைப் பற்றியதாக இருக்காது, ஆளைப் பற்றியதாகிவிடும். கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அன்று இரவு அக்காவும் வந்து சேர்ந்தாள். “ஜேர்மனியில காசு குறைவாமே, அங்கயும் போட்டுப் பார்க்கலாமே” என்றாள். ஜேர்மனியின் அளவு எங்களுக்கு நேர் எதிர். 1 ஆகச் சிறந்தது, 4 சித்தியின் எல்லை. அங்கே கணக்கை மறைத்து வைப்பதில்லை, மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம் என்று எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்:

```
x = 1 + 3 * (Nmax - Nd) / (Nmax - Nmin)
```

`Nmax` ஆகக் கூடியது, `Nd` எடுத்தது, `Nmin` சித்திக்குக் குறைந்தது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. 0.4 கணக்கில் காணாமல் போன சித்தி எல்லை இங்கே சூத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதைப் பிழையாகப் போட்டால் என்ன நடக்கும் என்பதும் உடனே தெரியும். மெட்ராஸ் அளவில் சித்தி 4. அதைப் போட்டால்:

```
1 + 3 * (10 - 7.1) / (10 - 4) = 2.45
```

பத்துப் புள்ளி அளவு என்றால் சித்தி 5 என்று நினைத்துப் போட்டால்:

```
1 + 3 * (10 - 7.1) / (10 - 5) = 2.74
```

ஜேர்மனியில் பல முதுமாணிப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த தரம் கேட்கும். முதல் கணக்கில் அவள் உள்ளே, இரண்டாவதில் வெளியே. படித்த படிப்பும் எழுதிய பரீட்சையும் ஒன்றுதான். ட்ரான்ஸ்கிரிப்ட்டின் பின்பக்கத்தில் ஒரு எண் தெளிவாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

தலைகீழாக, இலங்கை ட்ரான்ஸ்கிரிப்ட்டோடு ஜேர்மனிக்குப் போகிறவருக்கும் இதே சிக்கல் இருக்கிறது. எங்கள் அளவில் தனிப் பாடத்துக்கு சி, அதாவது 2.0 சித்தி. ஆனால் டி-க்கும் 1.0 என்று ஒரு தரப்புள்ளி அச்சாகியிருக்கும். பார்க்கிறவர் `Nmin` என்று எதை எடுப்பார்? சிநேகிதியின் 3.5க்கு, சித்தி 2.0 என்றால் 1.75. 1.0 என்றால் 1.5. இரண்டுமே நல்ல தரம் என்பதால் அவளுக்குக் கவலை இல்லை. 2.8 எடுத்த ஒரு பிள்ளைக்கு அது 2.8க்கும் 2.2க்கும் இடையிலான வித்தியாசம். பட்டம் பெறக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகக் கடிதத்தில் ஒரு வரியாக வாங்கி வைப்பது அவருக்குத்தான் மிகவும் முக்கியம்.

தை மாதம் விண்ணப்பங்கள் போய் முடிந்தன. அவள் தெரிவு செய்த ஆறு துறைகளில் நாலு, மாற்றாத எண்ணையே கேட்டன. ஒன்று பெட்டியை வெறுமையாக விடச் சொன்னது. ஒன்று மட்டும் பாடம் பாடமான உத்தியோகபூர்வ மதிப்பீடு கேட்டது. அதற்காகச் சென்னையில் இருந்து ட்ரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது, ஏழு கிழமை பிடித்தது. எண்ணைப் பற்றி யோசித்த நேரத்தை விட அந்தக் கடித உறைக்காக அலைந்த நேரம்தான் கூட. ஆகவே மதிப்பீடு தேவைப்படும் என்று தெரிந்தால் ஆவணி மாதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

மதிப்பீட்டு அறிக்கை பங்குனியில் வந்தது. பாடங்கள் எல்லாம் ஒரு நிரலில், பக்கத்தில் அமெரிக்கத் தரம். பகுப்பாய்வுக்கு நேரே பி. டி பிளஸ் என்று அச்சாகியிருந்த நிகழ்தகவுக்கு நேரே ஏ. கடைசி வரியில் மொத்தம் 3.61. அவள் அதை ஃபோனில் படம் எடுத்து எனக்கும் சாய்ந்தமருதுச் சிநேகிதிக்கும் அனுப்பினாள். அடுத்த நிமிஷம் சிநேகிதியிடமிருந்து பதில் வந்தது: “எண்ட 3.5அ விடக் கூட. 71க்கு 68 சரிதானே.”

இந்த வருஷக் கார்த்திகையில் தம்பிலுவிலில் இருந்து ஒரு தம்பி வந்திருக்கிறான். கோயம்புத்தூரில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பொறியியல், பத்துக்கு 7.4. அவனிடமும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறது, 2.96 என்று எழுதி. எந்த வருஷத்து ஒழுங்குவிதி தம்பி, 2017ஆ 2021ஆ என்று கேட்டேன். தெரியாது என்றான். ட்ரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துத் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.